ரெப்போ, ரிவர்ஸ் ரெப்போ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெப்போ என்றால் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் கடன்தானே? அதற்கு எதற்குத் தனிப் பெயர்?

விளைவைப் பார்த்தால் கடன்தான். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் விற்பனை. வங்கி தன் கையிலுள்ள அரசு கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கிக்கு விற்கிறது. நாளைக்கோ பதினான்கு நாள் கழித்தோ, இன்ன விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வேன் என்ற ஒப்பந்தமும் அதே நேரத்தில் கையெழுத்தாகிவிடுகிறது. விற்ற விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

நகையை அடகு வைத்தால் நகை கடைக்காரரின் பெட்டியில் இருக்கும், உரிமை நம்முடையது. ரெப்போவில் உரிமையே கை மாறுகிறது. பணம் வாங்கியவர் அதைத் திருப்பித் தராவிட்டால், பணம் கொடுத்தவர் நீதிமன்றம் போகாமல் பத்திரத்தை விற்றுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். அடகுக் கடைக்காரர் நகையின் முழு மதிப்புக்கும் பணம் தரமாட்டார் அல்லவா? ரிசர்வ் வங்கியும் பத்திரத்தின் சந்தை மதிப்பில் சிறு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் தருகிறது. முதிர்வுக்காலம் நீளமான பத்திரத்துக்கும் மாநில அரசுப் பத்திரத்துக்கும் அந்தக் கழிவு சற்று அதிகம்.

ஆயிரம் கோடி ரூபாயை 5.50 சதவீதத்தில் ஒரே இரவுக்கு வாங்கினால் வட்டி எவ்வளவு? ஆயிரம் கோடியை 5.50 சதவீதத்தால் பெருக்கினால் ஆண்டு வட்டி 55 கோடி. அதை 365 ஆல் வகுத்தால் சுமார் 15 லட்சத்து 7 ஆயிரம் ரூபாய்.

எது ரெப்போ, எது ரிவர்ஸ் ரெப்போ என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

ரிசர்வ் வங்கியிடமிருந்து பணம் வங்கிகளுக்குப் போனால் ரெப்போ. வங்கிகளிடமிருந்து ரிசர்வ் வங்கிக்குப் போனால் ரிவர்ஸ் ரெப்போ. இந்தியாவில் இன்று இதுதான் வழக்கு.

உங்கள் குழப்பத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 2004 அக்டோபர் இறுதி வரை நம் ரிசர்வ் வங்கியே இந்தப் பெயர்களைத் தலைகீழாகத்தான் பயன்படுத்திவந்தது. தான் பத்திரத்தை விற்றுப் பணத்தை உள்ளே இழுத்தால் அதற்கு ரெப்போ என்று பெயர். பிறகுதான் உலக வழக்கத்துக்கு மாறியது. பழைய கட்டுரை எதையாவது படித்தால் முதலில் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கை மத்திய வங்கியிலும் 2014 தொடக்கம் வரை பணத்தை உள்ளிழுக்கும் விகிதத்துக்கே மீள்கொள்வனவு வீதம் என்று பெயர் இருந்தது.

‘வங்கிகளிடம் பணப்புழக்கம் குறைந்துவிட்டது’ என்கிறார்கள். எந்தப் பணம்? மக்கள் டெபாசிட் போட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

இந்த இடம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே பிடிபடும்.

நமக்கு வங்கியில் கணக்கு இருப்பதைப்போல, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியில் கணக்கு இருக்கிறது. நீங்கள் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கியில் இருக்கும் அண்ணனுக்குப் பணம் அனுப்பினால், கடைசியில் அந்த இரண்டு வங்கிகளும் கணக்குத் தீர்ப்பது ரிசர்வ் வங்கியிலுள்ள இந்தக் கணக்குகளில்தான். பணப்புழக்கம் குறைவு, உபரி என்று செய்தியில் சொல்லப்படுவது இந்தக் கணக்குகளில் கிடக்கும் பணத்தைப் பற்றியது. உங்கள் சேமிப்புக் கணக்கைப் பற்றியது அல்ல.

இந்தப் பணத்தை வங்கிகள் தங்களுக்குள் கை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லா வங்கிகளும் சேர்ந்து முயன்றாலும் மொத்தத்தில் ஒரு ரூபாயைக் கூட்டவோ குறைக்கவோ அவற்றால் முடியாது. ஒருவர் கொடுத்தால் இன்னொருவரிடம் இருக்கும், அவ்வளவுதான்.

பிறகு மொத்தம் எப்படி மாறுகிறது? முக்கியமாக மூன்று வழிகள். முதலாவது, அரசு. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதியை ஒட்டி நிறுவனங்கள் முன்கூட்டிய வருமான வரி கட்டுகின்றன. அந்தப் பணம் வங்கிகளின் கணக்கிலிருந்து, ரிசர்வ் வங்கியிலேயே இருக்கும் மத்திய அரசின் கணக்குக்குப் போகிறது. அரசு அதைச் சம்பளமாகவோ மானியமாகவோ செலவழிக்கும்வரை அது வங்கிகளுக்குத் திரும்பாது. இரண்டாவது, ரொக்கம். பண்டிகைக்கும் அறுவடைக்கும் மக்கள் நோட்டாக எடுத்தால், அந்த அளவுக்கு வங்கிகளின் கணக்கு வற்றும். மூன்றாவது, டாலர். ரூபாயின் சரிவைத் தடுக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றால், அதற்கு விலையாக வரும் ரூபாய் வங்கிகளின் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

இவற்றில் எதுவும் வங்கிகளின் கையில் இல்லை. அரசுச் செலவும் மக்களின் ரொக்கத் தேவையும் ரிசர்வ் வங்கியின் கையிலும் இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டத்தான் தினசரி ரெப்போவும் ரிவர்ஸ் ரெப்போவும்.

ஒரு வங்கிக்குப் பணம் குறைந்தால் அன்றைக்கு என்னதான் நடக்கும்?

கற்பனையாக ஒரு நடுத்தர வங்கியை எடுத்துக்கொள்வோம். விகிதங்கள் மட்டும் நிஜமானவை, 2025 ஜூன் மாதத்தில் இருந்தவை. வங்கியின் டெபாசிட் முதலிய பொறுப்புகள் ஒரு லட்சம் கோடி ரூபாய். அப்போது ரொக்க இருப்பு விகிதம் 4 சதவீதம். எனவே ரிசர்வ் வங்கியிலுள்ள கணக்கில், இரண்டு வாரச் சராசரியாக 4,000 கோடி இருக்க வேண்டும். ஏதாவது ஒரு நாள் குறைந்தால் குற்றமில்லை, ஆனால் எந்த நாளும் அதில் 90 சதவீதத்துக்கு, அதாவது 3,600 கோடிக்குக் கீழே போகக்கூடாது.

வரி கட்டும் நாள் வருகிறது. காலையில் 4,200 கோடி இருந்த கணக்கிலிருந்து வாடிக்கையாளர்களின் வரியாக 900 கோடி வெளியேறுகிறது. மீதி 3,300 கோடி. சராசரியைக் காப்பாற்ற 700 கோடி வேண்டும் என்று கருவூலப் பிரிவு கணக்கிடுகிறது.

முதலில் சக வங்கிகளிடம் கேட்பார்கள். பத்திரம் வைக்காமல் வாங்கினால் அது ‘கால் மனி’ எனப்படும் அழைப்புப் பணச் சந்தை, வைத்து வாங்கினால் சந்தை ரெப்போ. இன்று பெரும்பாலான ஓரிரவுப் பணம் பத்திரம் வைத்த பக்கம்தான் கை மாறுகிறது. ஆனால் அதே நாளில் எல்லா வங்கிகளிலிருந்தும் வரி போயிருக்கிறதே? கேட்பவர் அதிகம், கொடுப்பவர் குறைவு, வட்டி ஏறுகிறது.

ரிசர்வ் வங்கி இதை எதிர்பார்த்து மாறும் விகித ரெப்போ ஏலம் அறிவித்திருந்தால், இன்ன தொகை இன்ன வட்டிக்கு வேண்டும் என்று அதன் கணினித் தளத்தில் கேட்கலாம். கேட்கும் வட்டி ரெப்போ விகிதத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. அதிக வட்டி தர முன்வந்தவருக்கு முதலில் கிடைக்கும்.

ஏலத்திலும் கிடைக்கவில்லை, மாலையாகிவிட்டது என்றால் ரிசர்வ் வங்கியின் அவசரக் கடன் வசதியான எம்எஸ்எஃப் என்ற கடைசிக் கதவு நள்ளிரவுவரை திறந்திருக்கும். அங்கே வட்டி 5.75 சதவீதம். 700 கோடிக்கு ஓர் இரவு வட்டி சுமார் 11 லட்சத்து 3 ஆயிரம். ரெப்போ விகிதமான 5.50க்கே கிடைத்திருந்தால் சுமார் 10 லட்சத்து 55 ஆயிரம். வித்தியாசம் அரை லட்சத்துக்கும் குறைவு. பெரிய தொகையல்ல, ஆனால் வங்கியாளர்கள் அந்தக் கதவைத் தட்ட விரும்புவதில்லை. கணக்கைக் குறைவாக விட்டுவிட்டாலோ, வங்கி விகிதம் என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 5.75க்கு மேல் 3 சதவீதம், அதாவது 8.75 சதவீதத்தில் அபராத வட்டி. குறைவு தொடர்ந்தால் மேலே கூட்டும் அந்த 3 சதவீதம் 5 ஆகும்.

ஒன்றைக் கவனியுங்கள். ரெப்போ விகிதத்தில் கேட்டவுடன் வங்கிக்குப் பணம் தரும் சாளரம் இந்தக் கதையில் எங்குமே வரவில்லை. 2020 பிப்ரவரியில் தினசரி நிலையான விகித ரெப்போவை ரிசர்வ் வங்கி நிறுத்திவிட்டது. செய்தித் தலைப்பில் வரும் விகிதம் ஓர் அடையாளக் கல். அந்த விலைக்கே தினமும் சரக்கு கிடைக்கும் என்பதில்லை.

அப்படியானால் அந்த ரெப்போ விகிதத்துக்கு என்ன பொருள்?

அதே 2025 ஜூன் விகிதங்களை வைத்தே, இரண்டு பக்கமும் வரப்பு கட்டிய வயல் போல இதைப் பாருங்கள். மேல் வரப்பு எம்எஸ்எஃப். 5.75க்கு ரிசர்வ் வங்கியிடமே கிடைக்கும்போது, பத்திரம் கையிலுள்ள எந்த வங்கியும் வெளியே 6 சதவீதம் கொடுக்காது. கீழ் வரப்பு எஸ்டிஎஃப் என்ற வைப்பு வசதி. உபரிப் பணத்துக்கு ரிசர்வ் வங்கியே 5.25 தரும்போது, எந்த வங்கியும் வெளியே 5க்குக் கொடுக்காது. வங்கிகளுக்கிடையிலான ஓரிரவு வட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அலையும். நடுவிலுள்ள 5.50ஐ ஒட்டியே அது நிற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் குறி. அதற்காகத்தான் பற்றாக்குறை நாளில் ரெப்போ ஏலமும் உபரி நாளில் ரிவர்ஸ் ரெப்போ ஏலமும் நடத்துகிறது.

கீழ் வரப்பில் ஓட்டை ஒன்று உண்டு. பரஸ்பர நிதி நிறுவனங்களால் எஸ்டிஎஃப்பில் பணம் வைக்க முடியாது. அவர்களிடம் பணம் குவியும் நாளில், பத்திரம் வைத்து வாங்கும் சந்தையில் வட்டி எஸ்டிஎஃப்புக்குக் கீழேயும் இறங்கும்.

2020இல் ரெப்போ விகிதம் 4 சதவீதம். ஆனால் வட்டியெல்லாம் அதைவிடக் கீழே போனதே?

ஏனென்றால் அப்போது யாரும் ரெப்போ பக்கம் நிற்கவில்லை. கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி பத்திரங்களையும் டாலரையும் வாங்கி, ரொக்க இருப்பு விகிதத்தை 3 சதவீதமாகக் குறைத்து, வங்கிகளின் கணக்குகளை நிரப்பிவிட்டது. கடன் கேட்டு வருபவர்களோ குறைவு. கையில் வேண்டிய அளவு பணம் இருக்கும்போது எந்த வங்கி ரிசர்வ் வங்கியிடம் 4 சதவீதத்துக்குக் கடன் வாங்கும்? எல்லோரும் பணத்தை வைக்கும் பக்கம்தான் நின்றார்கள். அங்கே தரப்பட்ட விகிதம் 2020 மே 22 முதல் 3.35 சதவீதம்.

எனவே 2022 ஏப்ரல்வரை நாட்டின் உண்மையான ஓரிரவு வட்டியைத் தீர்மானித்தது ரிவர்ஸ் ரெப்போதான். விகிதத்தை முடிவுசெய்யும் ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு கூட்டத்துக்குக் கூட்டம் ‘ரெப்போ விகிதத்தில் மாற்றமில்லை’ என்று அறிவித்துக்கொண்டிருந்தது. மாற்றமில்லாத அந்த விகிதத்தில் வேலையும் இல்லை என்பதைப் பெரும்பாலான செய்திகள் சொல்லவில்லை. என் பார்வையில், எந்த விகிதம் உயிரோடிருக்கிறது என்று அறிய, வங்கிகள் எந்தக் கதவில் வரிசை கட்டி நிற்கின்றன என்று பார்த்தால் போதும்.

பணமதிப்பிழப்பின்போது ரிவர்ஸ் ரெப்போ போதாமல் போனதாகப் படித்தேன். ரிசர்வ் வங்கிக்கே எப்படிப் போதாமல் போகும்?

பணத்தைக் கொடுக்க ரிசர்வ் வங்கிக்கு எல்லை இல்லை. ஆனால் ரிவர்ஸ் ரெப்போவில் பணத்தை வாங்க எல்லை உண்டு. பணத்தை வாங்கும்போது பதிலுக்கு அரசுப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டுமே. அந்தப் பத்திரங்கள் தீர்ந்தால்?

2016 நவம்பர் 8 இரவு செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நோட்டுகளின் மதிப்பு சுமார் 15.4 லட்சம் கோடி ரூபாய். மக்கள் அவற்றை வங்கிகளில் போட்டார்கள், வங்கிகள் ரிசர்வ் வங்கியில் போட்டன. நோட்டாக வெளியில் இருந்த பணம் வங்கிகளின் கணக்கில் இருப்பாக மாறியது. புதிய நோட்டு வந்த வேகமோ மிகக் குறைவு. மூன்று வாரத்துக்குள் வங்கிகளிடம் பணம் மலையாகக் குவிந்தது.

முதலில் ரிசர்வ் வங்கி ரிவர்ஸ் ரெப்போ ஏலங்களை அடுத்தடுத்து நடத்தியது. கையிருப்புப் பத்திரங்கள் வேகமாகக் கரைந்தன. நவம்பர் 26 அன்று கடுமையான ஒரு நடவடிக்கையை எடுத்தது: செப்டம்பர் 16க்கும் நவம்பர் 11க்கும் இடையில் கூடிய டெபாசிட் முழுவதையும், நூற்றுக்கு நூறு, ரொக்க இருப்பாக வைக்க வேண்டும். ரொக்க இருப்புக்கு வட்டி கிடையாது. டெபாசிட்தாரருக்கு வட்டி கொடுத்துக்கொண்டே அதே பணத்தை வட்டியில்லாமல் பூட்டிவைக்க வேண்டிய நிலை வங்கிகளுக்கு.

இது தற்காலிகம் என்று ரிசர்வ் வங்கியும் சொல்லியிருந்தது. மாற்று வழி டிசம்பர் 2 அன்று வந்தது. பணத்தை உறிஞ்சுவதற்கென்றே அரசு தனியாக வெளியிடும் சந்தை நிலைப்படுத்தும் திட்டப் பத்திரங்களின் உச்சவரம்பு 30 ஆயிரம் கோடியிலிருந்து 6 லட்சம் கோடியாக உயர்ந்தது. பத்திரப் பஞ்சம் தீர்ந்தது, டிசம்பர் 10 முதல் நூறு சதவீத விதி விலக்கப்பட்டது.

பத்திரமே கொடுக்காமல் பணத்தை வாங்கும் வசதி வேண்டும் என்று உர்ஜித் படேல் குழு 2014லேயே பரிந்துரைத்திருந்தது. அதற்கான சட்டத் திருத்தம் 2018இல் வந்தது. எஸ்டிஎஃப் நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரல் 8 அன்று.

எஸ்டிஎஃப் வந்த பிறகு ரிவர்ஸ் ரெப்போ செத்துவிட்டதா?

நிலையான விகித ரிவர்ஸ் ரெப்போ 3.35 சதவீதத்திலேயே பெயரளவில் நிற்கிறது. உயிரோடிருப்பது மாறும் விகித ஏலம். பல நாட்களுக்குப் பணத்தைக் கட்டிப்போட வேண்டுமென்றால் அதுதான் வழி. ஆனால் 14 நாள் ஏலங்களுக்கு வங்கிகள் பலமுறை ஆர்வம் காட்டவில்லை. கொஞ்சம் கூடுதல் வட்டிக்காகப் பணத்தை இரண்டு வாரம் பூட்டிவிட்டு, நடுவில் தேவைப்பட்டால் யாரிடம் போய் நிற்பது என்ற பயம். எஸ்டிஎஃப்பில் போட்டால் மறுநாளே கையில் கிடைக்கும்.

எஸ்டிஎஃப்பும் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. 2023இல் 2,000 ரூபாய் நோட்டு திரும்பப் பெறப்பட்டு வங்கிகளில் பணம் குவிந்தபோது, ரிசர்வ் வங்கி மறுபடியும் கூடுதல் ரொக்க இருப்பைத்தான் நாடியது. இந்த முறை 10 சதவீதம். ஆகஸ்ட் 12இல் தொடங்கி அக்டோபர் தொடக்கத்துக்குள் படிப்படியாக விடுவித்தது.

ஒரே நாளில் சில வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்குகின்றன, சில வங்கிகள் அங்கேயே பணம் வைக்கின்றன. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளலாமே?

கொடுத்துக்கொள்ளலாம். 2025 ஜூன் விகிதங்களில் வைப்பவர் 5.25 பெறுகிறார், வாங்குபவர் 5.75 தருகிறார். நடுவில் 5.50க்குப் பேசி முடித்தால் இருவருக்கும் லாபம். ஆனால் ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு இவ்வளவுதான் தரலாம் என்று உள்வரம்பு வைத்திருக்கும். மாலை நேரத்தில் யாருக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று தெரியாத நிலையில், உபரி வங்கி பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சந்தை மூடிய பின் திறந்திருப்பவை அந்த இரண்டு கதவுகள்தான். வார இறுதியில் இன்னும் மோசம். அதனால்தான் 2023 டிசம்பர் இறுதி முதல் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இந்த வசதிகளை மறுநாளே திருப்பிக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது.

பற்றாக்குறை மாதக்கணக்கில் நீடித்தால் ரெப்போவையே தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அது கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்துவதைப் போன்றது. 2024 இறுதியில் ரூபாயைத் தாங்கிப்பிடிக்க ரிசர்வ் வங்கி டாலரை விற்றது. அதனால் வெளியேறிய ரூபாய், வரிப்பணத்தைப்போல அடுத்த மாதம் அரசுச் செலவாகத் திரும்பி வரும் வகை அல்ல. 2025 ஜனவரியில் பற்றாக்குறை 3 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஜனவரி 16 முதல் தினசரி ரெப்போ ஏலம் நடத்தினார்கள். இன்று வாங்கியதை நாளை திருப்ப, நாளை மறுபடியும் ஏலத்தில் நிற்க வேண்டும். நாளை எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாத வங்கி, அந்தப் பணத்தை நம்பி ஐந்தாண்டுக் கடன் கொடுக்குமா?

ஜனவரி 27 அன்று நோய்க்கான மருந்து அறிவிக்கப்பட்டது. 60 ஆயிரம் கோடிக்கு அரசுப் பத்திரங்களை மூன்று தவணையில் நேரடியாக வாங்குவது, அதாவது திருப்பித் தர வேண்டியிராத பணம். 50 ஆயிரம் கோடிக்கு 56 நாள் ரெப்போ. 500 கோடி டாலரை வாங்கி ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தம். பிறகும் பத்திரக் கொள்முதல்கள் தொடர்ந்தன. நிலைமை உபரிக்கு மாறியதும் ஜூன் 11 முதல் தினசரி ஏலம் நின்றது.

ரெப்போவில் கொடுக்கும் பணத்தை ரிசர்வ் வங்கி அச்சடிக்கிறதா?

நோட்டு அச்சடிப்பதில்லை. வங்கியின் கணக்கில் எண்ணைக் கூட்டி எழுதுகிறது. பணம் புதிதாகப் பிறக்கிறது என்பது உண்மை. ஒப்பந்தம் முடியும் நாளில் அதே பணம் அழிந்தும் போகிறது.

ரெப்போ விகிதம் குறைந்தால் என் வீட்டுக் கடன் தவணை குறையுமா?

2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கியில் வாங்கிய, ரெப்போவுடன் இணைந்த மிதக்கும் வட்டிக் கடன் என்றால் குறையும். தவணைத் தொகைக்குப் பதில் தவணைக் காலத்தைக் குறைத்திருக்கலாம், கணக்கறிக்கையைப் பாருங்கள். வீட்டுவசதி நிதி நிறுவனங்களில் வாங்கிய கடனுக்கு இந்த விதி பொருந்தாது.

இன்றைய நிலவரத்தை நானே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஒவ்வொரு வேலை நாளும் பணச்சந்தை நடவடிக்கைகள் பற்றிய அறிக்கையை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிடுகிறது. மூன்றை மட்டும் பாருங்கள். எஸ்டிஎஃப்பில் எவ்வளவு கிடக்கிறது, எம்எஸ்எஃப்பில் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள், அழைப்புப் பணச் சந்தையின் சராசரி வட்டி ரெப்போ விகிதத்துக்கு மேலா கீழா. சராசரி வட்டி நாள்கணக்கில் மேலேயே நின்றால் பணத்துக்கு நெருக்கடி. எஸ்டிஎஃப்பை ஒட்டி நின்றால் உபரி.

கடைசி வரிகளில் நிகர நிலை வரும். அங்கே கூட்டல் குறி இருந்தால் ரிசர்வ் வங்கி பணம் கொடுத்திருக்கிறது என்று பொருள், அதாவது வங்கிகளுக்குப் பற்றாக்குறை. கழித்தல் குறி என்றால் உபரி. சில வரைபடங்கள் இதையே வங்கிகளின் பக்கமிருந்து குறி மாற்றிப் போடுகின்றன, எனவே குறியை நம்புவதற்கு முன் வரைபடத்தின் அடிக்குறிப்பைப் படியுங்கள்.